மேடைக்குள் வழியும் பேஸ்: கார்டியாய்டு அடுக்கில் பிழை எங்கே?

திறந்தவெளி நிகழ்ச்சிக்குச் சப்வூஃபர்களைக் கார்டியாய்டு முறையில், அதாவது பேஸ் பார்வையாளர் பக்கம் போய் மேடைப் பக்கம் அழியும்படி, அடுக்கிய பிறகும் மேடையின் தரை அதிர்கிறது, பாடகரின் மைக் அடித்தொனியில் முனகுகிறது, டிரம் வாசிப்பவர் மானிட்டரை இன்னும் கூட்டச் சொல்கிறார். அப்போது பெட்டிகளைக் குறைசொல்லிவிட்டு எல்லாவற்றையும் முன்பக்கம் திருப்பி வைத்துவிடத் தோன்றும். அதற்கு முன்பு பிழை தன்னை எப்படிக் காட்டுகிறது என்று கவனித்தால், அது எங்கே இருக்கிறது என்பதைப் பெரும்பாலும் சில நிமிடங்களில் கண்டுபிடித்துவிடலாம்.

இங்கே எடுத்துக்கொள்வது மிகப் பரவலான அமைப்பு: ஒரே மாடலைச் சேர்ந்த மூன்று பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாக. மேலும் கீழும் உள்ளவை பார்வையாளரை நோக்கியிருக்கும். நடுப்பெட்டி மேடையை நோக்கித் திரும்பியிருக்கும். இனி அதைப் பின்பெட்டி என்றும் மற்ற இரண்டையும் முன்பெட்டிகள் என்றும் சொல்கிறேன்.

60 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ 5.7 மீட்டர். ஒரு மீட்டர் ஆழமுள்ள பெட்டி அதற்கு ஒரு தடையே அல்ல. ஆகவே முன்பெட்டிகளின் ஒலி பெட்டியைச் சுற்றிக்கொண்டு பின்னாலும் போகிறது. பின்பெட்டி அதை மேடைப் பக்கத்தில் எதிர்கொண்டு அழிக்க வேண்டும். அதற்கு மூன்று நிபந்தனைகள் உண்டு. பின்பெட்டியின் போலாரிட்டி தலைகீழாக இருக்க வேண்டும். முன்பெட்டிகளின் ஒலி சுற்றி வந்து சேரும் நேரம் வரை அது டிலேயில் காத்திருக்க வேண்டும். இரண்டும் சந்திக்கும் இடத்தில் சத்தம் சமமாக இருக்க வேண்டும். பெட்டியைத் திருப்பி வைத்தாலே போலாரிட்டி மாறிவிடும் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். அப்படி நடக்காது. கூம்பு வெளியே தள்ளும்போது பெட்டியைச் சுற்றி எல்லாத் திசையிலும் அழுத்தம் கூடுகிறது, பெட்டி எந்தப் பக்கம் பார்த்தாலும் சரி.

எல்லாவற்றுக்கும் முன் ஒரே ஒரு சோதனை

ஒரு பக்க அடுக்கை மட்டும் இயக்குங்கள். மெயின் ஸ்பீக்கர்கள், மானிட்டர்கள், மறுபக்க அடுக்கு எல்லாம் நிறுத்தத்தில் இருக்கட்டும். 60 ஹெர்ட்ஸ் சைன் ஒலியை மிதமான சத்தத்தில் விட்டு, அடுக்கின் நேர் பின்னால் நான்கைந்து மீட்டர் தள்ளி நின்றுகொண்டு, உடன் வேலை செய்பவரைப் பின்பெட்டியை மட்டும் நிறுத்தி நிறுத்தி இயக்கச் சொல்லுங்கள்.

பின்பெட்டி நின்றதும் மேடைப் பக்கம் சத்தம் கூட வேண்டும். கூடினால் அது தன் வேலையைச் செய்கிறது. இனிப் பார்க்க வேண்டியது துல்லியம்தான். குறைந்தால் அது அழிப்பதற்குப் பதிலாகக் கூட்டிக்கொண்டிருக்கிறது. எந்த மாற்றமும் இல்லையென்றால் அந்தப் பெட்டி ஒலிக்கவே இல்லை, அல்லது மிக மெதுவாக ஒலிக்கிறது. ஒலிமானியை சி-வெயிட்டிங்கில் வையுங்கள். ஏ-வெயிட்டிங் 63 ஹெர்ட்ஸில் 26 டெசிபலைக் கழித்துவிடுவதால், மேலே உள்ள மற்ற இரைச்சல்களைத்தான் அது அளந்து காட்டும்.

சப்களை நிறுத்திய பிறகும் மேடையில் முழக்கம் இருக்கிறது

இசைக்குழு வாசித்துக்கொண்டிருக்கும்போது எல்லாச் சப்களையும் ஒரு கணம் நிறுத்திப் பாருங்கள். முழக்கம் அப்படியே இருந்தால் அது வேறெங்கிருந்தோ வருகிறது: டிரம்முக்கு அருகில் வைத்த தனிச் சப், சைட்ஃபில், பேஸ் கிட்டாரின் ஆம்ப், அல்லது மெயின் ஸ்பீக்கர்களின் அடிப்பகுதி. 120 முதல் 200 ஹெர்ட்ஸ் வரையுள்ள முழக்கத்துக்கு மெயின் ஸ்பீக்கர்களையே முதலில் சந்தேகிக்கலாம். அந்தப் பகுதி கிராஸ்ஓவருக்கு மேலே இருப்பதால், சப் அடுக்கை எவ்வளவு திருத்தினாலும் அது குறையாது. பாடும் மைக்குகளில் லோ-கட் போட்டிருக்கிறதா என்பதையும் இதே நேரத்தில் பார்த்துவிடுங்கள்.

பார்வையாளர் பக்கம் பேஸ் மெலிந்து, மேடையில் பெருகுகிறது

இது அமைப்புப் பிழை. அளவுகளைத் தொடுவதற்கு முன் எது எங்கே போயிருக்கிறது என்று பார்க்க வேண்டும். இதற்கு இரண்டு முகங்கள் உண்டு, காதாலேயே பிரித்தறியலாம்.

முன்னால் 80 ஹெர்ட்ஸை ஒட்டிய கிக்கின் அடி காணாமல் போய், 40 ஹெர்ட்ஸ் உறுமல் மட்டும் மிஞ்சியிருந்தால், டிலே சரியாக இருக்கிறது, போலாரிட்டி மாறவில்லை என்று பொருள். முன்னும் பின்னுமுள்ள ஒலி மையங்களுக்கு இடையே ஒரு மீட்டர் இருந்தால், பின்பெட்டியின் ஒலி பார்வையாளரை ஏறத்தாழ ஆறு மில்லிவினாடி தாமதமாக அடைகிறது. 86 ஹெர்ட்ஸில் அது அரை அலைக்குச் சமம். அழிய வேண்டியது பின்னால், அழிவது முன்னால்.

முன்னால் அடியும் உறுமலும் சேர்ந்தே பெருமளவு குறைந்திருந்தால், டிலே தவறான பெட்டிகளுக்குப் போயிருக்கிறது. பின்பெட்டிக்குரிய டிலே முன்பெட்டிகளுக்கு விழுந்தால் கார்டியாய்டு வடிவம் அப்படியே திரும்பி, மேடையை நோக்கிப் பாடத் தொடங்கும். பிராசஸரில் வெளியீடுகளின் எண்ணும் ஆம்ப்ளிஃபையர் சானல்களின் எண்ணும் மாறிப்போவதால்தான் பெரும்பாலும் இப்படி ஆகிறது. திரையில் பார்த்து உறுதிசெய்வதை விட, ஒவ்வொரு வெளியீடாக ஒலிக்க விட்டு, எந்தப் பெட்டி அதிர்கிறது என்று கையை வைத்துப் பார்ப்பதே நம்பகமானது.

இவற்றோடு இரண்டு உறவினர்களும் உண்டு. முன்னும் பின்னும் ஏறத்தாழ ஒரே அளவு பேஸ், அடுக்கின் இரு பக்கவாட்டிலும் மட்டும் அமைதி: போலாரிட்டி மாறியிருக்கிறது, டிலே போடப்படவில்லை. முன்னால் பேஸ் நன்றாகவே இருக்கிறது, பின்னாலும் அதே அளவு, பக்கவாட்டிலும் அமைதி இல்லை: டிலே, போலாரிட்டி இரண்டுமே போய்ச் சேரவில்லை. இந்த இரண்டாவது நிலையில் கேபிளைப் பாருங்கள். முன்பெட்டியிலிருந்து பின்பெட்டிக்குத் தொடர்கேபிள் இழுத்திருந்தால் மூன்றும் ஒரே சானலில்தான் ஓடுகின்றன. பின்பெட்டிக்குத் தனி பிராசஸர் வெளியீடும் தனி ஆம்ப் சானலும் இல்லாமல் கார்டியாய்டு கிடையாது. பிராசஸரில் ஒருமுறை, ஆம்ப்பில் மறுமுறை என்று போலாரிட்டி இரண்டு முறை மாறி, பழைய நிலைக்கே வந்துவிடுவதும் உண்டு.

குறைகிறது, ஆனால் நான்கைந்து டெசிபல் மட்டுமே

பின்பெட்டி சரியான வேலையை அரைகுறையாகச் செய்கிறது. சத்தப் பொருத்தமா, நேரப் பொருத்தமா என்று பிரிக்க வேண்டும்.

முதலில் சத்தம். மேடைப் பக்கத்தில், அடுக்குக்குப் பின்னால் அதே இடத்தில் மைக்கை வைத்து, முன்பெட்டிகளை மட்டும் ஒருமுறை, பின்பெட்டியை மட்டும் ஒருமுறை அளவெடுங்கள். நேரம் மிகச் சரியாகவே இருந்தாலும், இரண்டுக்கும் 6 டெசிபல் வித்தியாசம் இருந்தால் அதிகபட்சக் குறைவு 6 டெசிபல்தான். வித்தியாசம் 3 டெசிபல் என்றால் 10 டெசிபலைச் சற்றே தாண்டும். 1 டெசிபலுக்குள் வந்தால் 19 டெசிபல் வரை இறங்கும். இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கு தானாகவே சமமாகிவிடும் என்று நம்ப வேண்டாம். முன்பெட்டிகள் எண்ணிக்கையில் இரட்டிப்பு; ஆனால் 80 ஹெர்ட்ஸில் அடுக்கின் உடலே அவற்றின் பின்பக்க ஒலியைச் சற்று மறைக்கிறது, 35 ஹெர்ட்ஸில் மறைப்பது மிகக் குறைவு. எனவே எல்லா அதிர்வெண்ணிலும் ஒரே பொருத்தம் கிடைக்காது. கிக்கும் பேஸ் கிட்டாரும் வலுவாக விழும் 50 முதல் 80 ஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியில் சமப்படுத்துங்கள். அதற்குக் கீழே மிஞ்சுவதை ஏற்றுக்கொள்வதே நல்லது.

அடுத்து நேரம். தொடக்க மதிப்பு எளிய கணக்கு:

```
t (ms) = 1000 × d / c
```

இங்கே d என்பது முன், பின் ஒலி மையங்களுக்கு இடையிலான தூரம், மீட்டரில். c என்பது ஒலியின் வேகம், நொடிக்கு 343 மீட்டர். ஒரு மீட்டருக்கு 2.9 மில்லிவினாடி வரும். ஆனால் d என்பது பெட்டியின் ஆழம் அல்ல. சப்வூஃபரின் ஒலி மையம் அதன் கிரில்லுக்குச் சற்று வெளியே இருக்கிறது, ஆகவே உண்மையான தூரம் டேப்பில் அளந்ததை விடக் கூடுதலாகவே இருக்கும். டேப்பில் அளந்ததைத் தொடக்கமாக வைத்து, பிறகு காதோ மைக்கோ சொல்வதைக் கேளுங்கள்.

காதால் செய்யும் வழி இது. பின்பெட்டியின் போலாரிட்டியைத் தற்காலிகமாக இயல்புக்கு மாற்றுங்கள். 60 ஹெர்ட்ஸை விட்டு, பின்னால் நின்றபடி, சத்தம் உச்சத்துக்கு வரும் வரை டிலேயைக் கூட்டச் சொல்லுங்கள். உச்சம் அகலமானது, எனவே அது தோராயமான இடத்தைத்தான் காட்டும். அந்த இடத்தில் போலாரிட்டியைத் திருப்பினால் சத்தம் சட்டென விழும். இப்போது 0.1 மில்லிவினாடி அளவில் நகர்த்தி மிகக் குறைந்த புள்ளியைப் பிடியுங்கள். பள்ளம் கூர்மையானது என்பதால் துல்லியம் அங்கேதான் கிடைக்கிறது. 60 ஹெர்ட்ஸில் ஒரு மில்லிவினாடிப் பிழை 21 டிகிரிக்கு மேல் ஆகிறது. சத்தங்கள் கச்சிதமாகப் பொருந்தியிருந்தாலும் குறைவு 9 டெசிபலைத் தாண்டாது. தேடும் எல்லையை 1 முதல் 5 மில்லிவினாடிக்குள் வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் அடுத்த சுற்று அலையில் போய் மாட்டிக்கொள்ளலாம். முடிவை 45, 80 ஹெர்ட்ஸிலும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

மதியம் ஒத்திகையில் பிடித்த டிலே இரவுக் குளிரில் கெட்டுவிடுமோ என்ற கவலை தேவையில்லை. 15 டிகிரி மாறினாலும் ஒரு மீட்டருக்கு 0.1 மில்லிவினாடி கூட மாறாது.

அடுக்கின் நேர் பின்னால் அமைதி, ஆனால் பாடகர் நிற்குமிடத்தில் முழக்கம்

எனக்கு இதுதான் மிக முக்கியமான அறிகுறி, ஏனென்றால் இங்கே எந்தக் கருவியும் பழுதில்லை. அடுக்கு சொன்னதைச் செய்கிறது, சொன்னதுதான் பொருந்தவில்லை.

ஒரு மேடையை எடுத்துக்கொள்வோம். அகலம் 12 மீட்டர். மேடையின் முன்விளிம்புக்கு 1 மீட்டர் முன்னால், நடுக்கோட்டிலிருந்து இருபுறமும் 7 மீட்டர் தள்ளி ஒவ்வோர் அடுக்கு. பாடகர் நடுக்கோட்டில், விளிம்பிலிருந்து 2 மீட்டர் உள்ளே நிற்கிறார். டிரம் 7 மீட்டர் உள்ளே. அடுக்கிலிருந்து பார்த்தால் பாடகர் 3 மீட்டர் பின்னால், 7 மீட்டர் பக்கவாட்டில். பார்வையாளர் திசையைப் பூஜ்யம் என்று வைத்தால் பாடகர் 113 டிகிரியில் நிற்கிறார், அதாவது பின்னால் என்பதை விடப் பக்கத்தில். டிரம் 139 டிகிரியில் இருக்கிறது. 180 டிகிரியில், மிக ஆழமான அமைதி விழும் இடத்தில், ஒருவருமே இல்லை. கேபிள் பெட்டிகள் வேண்டுமானால் இருக்கலாம்.

ஒலி மையங்கள் ஒரு மீட்டர் இடைவெளியில், சம வலிமையில் இருப்பதாக வைத்து 60 ஹெர்ட்ஸுக்குக் கணக்கிடுகிறேன். டிலே முழு 2.9 மில்லிவினாடி என்றால், முன்திசையை ஒப்பிட டிரம் இருக்கும் திசையில் 16 டெசிபல் குறைகிறது. பாடகரின் திசையில் 9 டெசிபல்கூட முழுதாக இல்லை.

டிலேயைக் குறைத்தால் பள்ளம் 180 டிகிரியிலிருந்து விலகி, இருபுறமும் முன்னோக்கி நகரும்:

```
cos θ = −(c × t) / d
```

இந்த வாய்பாட்டில் மட்டும் t நொடியில் வர வேண்டும்.

2.1 மில்லிவினாடி வைத்தால் பள்ளம் 136 டிகிரிக்கு வருகிறது, டிரம் ஏறத்தாழ அதற்குள்ளேயே விழுந்துவிடுகிறது. பாடகருக்குக் குறைவு 13 டெசிபலாகிறது. நேர் பின்னால் மீண்டும் சிறிது ஒலி எழுகிறது, ஆனால் அதுவும் முன்திசையை விட 14 டெசிபல் கீழேதான். விலையாகக் கொடுப்பது பார்வையாளர் பக்கம் ஒரு டெசிபலுக்கும் குறைவு. இந்த மேடையில் நான் தயங்காமல் 2.1 வைப்பேன்.

ஆசைப்பட்டு இன்னும் குறைத்து, பள்ளத்தைப் பாடகர் மேலேயே கொண்டுபோகலாமா? அதற்கு 1.1 மில்லிவினாடி வேண்டும். அப்போது டிரம் பக்கம் குறைவு 11 டெசிபலாகச் சுருங்குகிறது, பார்வையாளர் பக்கம் 2 டெசிபலுக்கு மேல் போய்விடுகிறது. பாடகர் ஒருவர் மட்டுமே மேடையில் இருந்தால் யோசிக்கலாம்.

களத்தில் செய்வது எளிது. மைக்கை அடுக்கின் முதுகுக்குப் பின்னால் வைக்காமல், பாடகரின் மைக் நிற்கும் இடத்தில் ஒன்று, டிரம் ஆசனத்தில் ஒன்று என்று வைத்து, முன்பு சொன்ன டிலே தேடலை அங்கே செய்யுங்கள். இரண்டுக்கும் ஏற்ற நடுமதிப்பு ஒன்று கிடைக்கும். கணக்கில் வந்த எண்கள் அப்படியே வராது. தரையும் மேடையும் சில டெசிபல்களை விழுங்கிவிடும். ஆனால் எந்தப் பக்கம் நகர்த்தினால் யாருக்கு நல்லது என்ற போக்கு மாறாது.

இடமிருந்தால் அடுக்குகளை இன்னும் ஒரு மீட்டர் முன்னால் நகர்த்துங்கள். பாடகர் 120 டிகிரிக்கு வருவார், பழைய 2.9 மில்லிவினாடியிலேயே ஒன்றரை டெசிபல் மிச்சம். மேடையின் ஓரத்தில், அடுக்குக்கு நேர் பக்கவாட்டில் நிற்கும் கிட்டார்காரருக்கு மட்டும் கார்டியாய்டு பெரிதாக உதவாது. 60 ஹெர்ட்ஸில் பக்கவாட்டில் அதன் குறைவு 5 டெசிபல்கூட முழுதாக இல்லை. அவரை உள்ளே வரச் சொல்வதே தீர்வு.

சில சுரங்கள் மட்டும் மேடையில் வீங்குகின்றன

பேஸ் கிட்டாரின் ஒன்றிரண்டு சுரங்களில் மட்டும் மேடை குமுறினால் சுற்றுப்புறத்தைப் பாருங்கள். பின்பெட்டியின் முகம் மேடைத் துணிக்கோ பலகைக்கோ ஒட்டி நின்றால், அதன் ஒலி விடுதலையாக வெளியேறாமல் மேடைக்கு அடியிலுள்ள வெற்றிடத்தை முழங்கவைக்கும். முன்பெட்டிகளின் ஒலி வேறு பாதையில் வரும், இரண்டும் சந்திக்கவே மாட்டா. அடுக்கின் பின்னும் பக்கங்களிலும் குறைந்தது 60 சென்டிமீட்டர் திறந்த இடம் வேண்டும். பின்னால் ஒரு மீட்டர் கிடைத்தால் நல்லது. அடுக்கை மேடைக்கு அடியில் செருகுவது கார்டியாய்டைக் கைவிடுவதற்குச் சமம்.

மேடையின் பின்னால் எல்இடி திரையோ கெட்டியான சுவரோ இருந்தால், முன்னாலிருந்தும் பக்கங்களிலிருந்தும் வந்த பேஸ் அதில் பட்டுத் திரும்பும். அந்தத் திரும்பொலியை டிலே மாற்றிச் சரிசெய்ய முடியாது. அடுக்கின் பின்னால் மூன்று மீட்டரில் நல்ல அமைதியும், திரைக்கு அருகே போகப் போக முழக்கமும் இருந்தால் இதுதான் காரணம்.

ஒத்திகையில் நன்றாக இருந்தது, நிகழ்ச்சியின் உச்சத்தில் கெட்டது

லிமிட்டர் விளக்குகளைப் பாருங்கள். முன்பெட்டிகள் லிமிட்டரில் 4 டெசிபல் அழுந்தியிருக்கப் பின்பெட்டி சுதந்திரமாக ஒலித்தால், மேடைப் பக்கச் சமநிலை அந்த நொடியே உடைகிறது. பின்பெட்டிக்கு வேறு மாடல் ஆம்ப், வேறு லிமிட்டர் மதிப்பு, அல்லது கையிருப்பில் இருந்த வேறு பெட்டி என்று வைக்கும்போது இது வரும். மூன்றுக்கும் ஒரே பெட்டி, ஒரே ஆம்ப் மாடல், ஒரே லிமிட்டர் மதிப்பு இருக்கட்டும். சமப்படுத்துவதற்காகப் பின்பெட்டியைக் குறைத்திருந்தால் அது கடைசியாகத்தான் லிமிட்டரைத் தொடும். எனவே மொத்தச் சத்தத்துக்கு முன்பெட்டிகளின் லிமிட்டரே எல்லை என்று வைத்து, அதற்கு 3 டெசிபல் கீழேயே நிகழ்ச்சியை நடத்துங்கள்.

மேடை சரியாகிவிட்டது, பார்வையாளர் பக்கம் கிக்கின் அடி மழுங்கிவிட்டது

பின்பெட்டியின் ஒலி முன்னால் தாமதமாகச் சேர்வதால் அடுக்கின் மொத்தக் கட்டம் மாறியிருக்கும். மெயின் ஸ்பீக்கர்களுக்கும் சப்களுக்கும் இடையே முன்பு பிடித்த நேரப் பொருத்தம் இனிச் செல்லாது. கார்டியாய்டை முடித்த பிறகு, மூன்று பெட்டிகளையும் ஒரே அலகாகக் கொண்டு, கிராஸ்ஓவரை ஒட்டிய பகுதியில் மெயின்களோடு மறுபடி பொருத்துங்கள். அந்த வேலையில் சப்களின் டிலேயைக் கூட்ட வேண்டியிருந்தால் மூன்று பெட்டிகளுக்கும் ஒரே அளவு கூட்டுங்கள்; ஒன்றுக்கு மட்டும் கூட்டினால் பின்பக்க வேலை முழுவதும் வீணாகும்.

பொருத்திய பிறகும் 40 ஹெர்ட்ஸுக்குக் கீழே கனம் குறைவாகவே இருக்கும். இரண்டு சம மூலங்கள் முன்னால் முழுதாகக் கூடினால் 6 டெசிபல் கிடைக்கும். ஒரு மீட்டர் இடைவெளியுள்ள கார்டியாய்டில் 80 ஹெர்ட்ஸில் அது ஏறத்தாழ முழுதாகவே கிடைக்கிறது, 40 ஹெர்ட்ஸில் இரண்டரை டெசிபல்தான், 30 ஹெர்ட்ஸில் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. ஈக்வலைசரால் அதை மீட்க முயன்றால் பெட்டிகள் சீக்கிரம் லிமிட்டரைத் தொட்டு, முந்தைய அறிகுறியைக் கூட்டி வரும். நிகழ்ச்சிக்கு அந்த ஆழம் கட்டாயம் வேண்டுமென்றால் ஒரு பக்கத்துக்கு இன்னொரு மூன்று பெட்டி அடுக்கைச் சேர்த்து, அதே மதிப்புகளில் ஒட்டி வைப்பதே வழி.